ஹோஸ்டிங் மாற்றும் முன் என்ன கேட்பது: காலண்டர் கடை மதினிக்கு ஒரு மெயில்

அன்புள்ள மதினி,

நீங்கள் அனுப்பிய இரண்டு கம்பெனிகளின் விலைப்பட்டியலையும் பார்த்தேன். இரண்டிலும் ஒரே பாட்டுத்தான்: அன்லிமிடெட் இடம், இலவச டொமைன், இலவச மைக்ரேஷன், 99.9 சதவீதம் அப்டைம். இதை வைத்துக்கொண்டு எது நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் போனில் உடனே பதில் சொல்லவில்லை. இவர்கள் எழுதாமல் விட்டதைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும். அண்ணன் "சைட்டைத் தூக்கி அங்கே வைத்தால் முடிந்தது, இதற்கு இவ்வளவு யோசனையா" என்று சொன்னாராம். சைட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது ஓரளவு சரிதான். சைட் ஓடவில்லை என்றால் பத்து நிமிடத்தில் யாராவது போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். மெயில் வராமல் போனால் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அனுப்பியவர் அனுப்பிவிட்டோம் என்று இருப்பார், நீங்கள் ஆர்டர் வரவில்லை என்று இருப்பீர்கள். நம் கடைக்கு ஆர்டர் மெயிலில்தான் வருகிறது, காலண்டரின் அடியில் அச்சடிக்க வேண்டிய கடைப் பெயரும் லோகோவும் மெயிலில்தான் வருகிறது. அதனால் என் கேள்விகளில் பாதிக்கு மேல் மெயிலைப் பற்றியதாக இருக்கும்.

முதலில் புதுக் கம்பெனியிடம் கேட்பதற்கு முன் நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாம் "வெப்சைட்" என்று ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் நான்கு தனித்தனிச் சரக்கு. ஒன்று டொமைன், அதாவது அந்தப் பெயர். அதை ஒரு பதிவு நிறுவனத்திடம் வருடா வருடம் பணம் கட்டி வைத்திருக்கிறோம். இரண்டாவது டிஎன்எஸ், அந்தப் பெயரைத் தேடி வருபவருக்கு "சைட் இந்த சர்வரில் இருக்கிறது, மெயில் அந்த சர்வரில் இருக்கிறது" என்று பதில் சொல்லும் பட்டியல். மூன்றாவது சைட்டின் கோப்புகளும் டேட்டாபேஸும். நான்காவது மெயில் பெட்டிகள். டொமைன் நம் பெயரில் உள்ள பத்திரம் மாதிரி, ஹோஸ்டிங் வாடகைக் கடை மாதிரி. கடையைக் காலி செய்யும்போது பத்திரத்தை யாரும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஆனால் "இலவச டொமைன்" என்று சொல்லி டொமைனையும் தங்களிடம் மாற்றச் சொல்வார்கள். வேண்டாம். ஹோஸ்டிங் மாற்றுவதற்கு டொமைனை மாற்றவே தேவையில்லை, டிஎன்எஸ் பட்டியலில் முகவரியை மாற்றினால் போதும். மேலும் .com போன்ற பெயர்களை ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அடுத்த 60 நாள் வேறு எங்கும் மாற்ற முடியாது. புது இடம் சரியில்லை என்று தெரியும்போது பெயரும் அவர்களிடமே மாட்டிக்கொண்டிருக்கும்.

இதில் டிஎன்எஸ்ஸும் மெயிலும் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இந்த இரண்டு வரிகளைத் தட்டுங்கள், example.com இருக்கும் இடத்தில் நம் பெயரைப் போட்டு:

```
nslookup -type=ns example.com
nslookup -type=mx example.com
```

முதல் வரிக்கு வரும் பதில், டிஎன்எஸ் பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள் என்று காட்டும். இரண்டாவது வரிக்கு வருவது மெயில் எந்த சர்வருக்குப் போகிறது என்பது. நான் இங்கிருந்து பார்த்தேன். நமக்கு இரண்டுமே பழைய ஹோஸ்டிங் கம்பெனியின் பெயரைத்தான் காட்டுகிறது. அதாவது டொமைன் மட்டும்தான் வெளியே இருக்கிறது, மற்ற மூன்றும் ஒரே இடத்தில். இதன் அர்த்தம் என்னவென்றால், புது இடத்தில் சைட் நன்றாக ஓடுகிறது என்று நம்பிப் பழைய கணக்கை மூடினால், அதோடு டிஎன்எஸ் பட்டியலும் போகும், மெயில் பெட்டிகளும் அதில் இருந்த பழைய மெயில்களும் போகும்.

டொமைனைப் பற்றி ஒன்றே ஒன்று. சைட்டைச் செய்து கொடுத்த பையன்தான் அதையும் வாங்கினான் என்று அண்ணன் சொன்னார். பதிவு நிறுவனத்தின் லாகின் யாரிடம் இருக்கிறது, அதில் உரிமையாளர் இடத்தில் யார் பெயரும் மெயிலும் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவன் பெயரில் இருந்தால், அவன் நல்ல பையனாகவே இருக்கட்டும், முதலில் அதைக் கம்பெனி பெயருக்கு மாற்றிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம். உரிமையாளர் மெயிலாக நம் டொமைனிலேயே உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். மெயில் நின்றுபோன நாளில் லாகின் பாஸ்வேர்டை மீட்கும் கடிதமும் அதே நின்றுபோன பெட்டிக்குத்தான் வரும். ஒரு ஜிமெயில் முகவரி போதும்.

சரி, மெயில். புதுக் கம்பெனியிடம் முதல் கேள்வி: "இலவச மைக்ரேஷன் என்று சொல்கிறீர்களே, அதில் மெயில் பெட்டிகளும் சேருமா, இல்லை சைட் மட்டுமா?" பல இடங்களில் சைட் மட்டும்தான். பழைய இடமும் புது இடமும் இரண்டுமே கணக்கை நிர்வகிக்கும் திரையாகச் சிபேனல் வைத்திருந்தால் முழுக் கணக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்து வந்துவிடலாம், மெயிலும் அதில் வரும். புது இடம் வேறு கண்ட்ரோல் பேனல் வைத்திருந்தால் அது நடக்காது, ஒவ்வொரு பெட்டியாக, சர்வரில் உள்ள மெயிலை அப்படியே படிக்கும் ஐமேப் முறையில் நகல் எடுக்க வேண்டும். அதை அவர்கள் செய்வார்களா, Sent உட்பட எல்லாக் கோப்புறைகளும் வருமா, பெட்டிக்கு எவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். Sent என்று குறிப்பாகச் சொல்லக் காரணம், வாடிக்கையாளர் "ப்ரூஃப் ஓகே" என்று சொன்னதற்கு நம்மிடம் உள்ள ஒரே சாட்சி நாம் அனுப்பிய மெயிலும் அதன் பதிலும்தான். போன டிசம்பரில் கடைப் பெயரில் ஒரு எழுத்து தப்பு என்று தகராறு வந்தபோது எதைத் தோண்டி எடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இதில் ஒரு சிக்கல் கடைக்குள்ளேயே இருக்கிறது. கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரில் அவுட்லுக் பாப் முறையில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். பாப் என்றால் மெயிலைச் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்வது. சர்வரில் நகலை விட்டுவை என்று குறி போடாவிட்டால் சர்வரில் இருந்து அழிந்துவிடும். அப்படி இருந்தால் அந்தப் பழைய மெயில்கள் எந்தக் கம்பெனி வந்தாலும் மாற்ற முடியாது, ஏனென்றால் அவை சர்வரிலேயே இல்லை, அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. வெப்மெயிலில் உள்ளே போய் இன்பாக்ஸில் இருக்கும் மிகப் பழைய தேதியைப் பாருங்கள், அவுட்லுக்கில் உள்ள பழைய தேதியோடு ஒப்பிடுங்கள். ரெண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. வெப்மெயிலில் போன வாரம் வரைதான் இருக்கிறது என்றால் அவுட்லுக்கின் டேட்டா கோப்பை முதலில் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள்.

என் யோசனையைக் கேட்டால், இந்தச் சந்தர்ப்பத்தில் மெயிலை ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்துவிடலாம். ஆர்டர் பெட்டி, அக்கவுண்ட்ஸ் பெட்டி இரண்டையும் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் அல்லது ஜோஹோ மெயில் போன்ற தனி மெயில் சேவைக்கு மாற்றினால், பெட்டிக்கு மாதம் இவ்வளவு என்று காசு ஆகும்தான், ஆனால் அதற்கப்புறம் ஹோஸ்டிங்கை எத்தனை தடவை மாற்றினாலும் மெயிலைத் தொட வேண்டியதில்லை. அண்ணன் "மெயில் ஹோஸ்டிங்கோடு இலவசம்தானே" என்பார். பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான கடைகளின் மெயில் போகிறது, அதில் ஒருவர் குப்பை மெயில் அனுப்பினால் அந்த ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறி நம் ப்ரூஃப் மெயிலும் வாடிக்கையாளரின் ஸ்பாமில் போய் உட்காரும். அந்த இலவசத்தின் விலை அது.

அப்படிப் பிரித்தால் புதுக் கம்பெனியிடம் கேட்க வேண்டியது மாறுகிறது, இதுதான் நிறைய பேர் தவறவிடும் இடம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் சைட்டில் "விலை கேட்க" என்று ஒரு படிவம் இருக்கிறது. ஏஜென்ட் அதை நிரப்பி அனுப்பினால், சைட் ஓடும் சர்வரே ஒரு மெயிலை உருவாக்கி நம் ஆர்டர் முகவரிக்கு அனுப்பும். இப்போது நம் டொமைன் அந்த சர்வரிலேயே ஒரு கணக்காக இருப்பதால், சர்வர் "ஓ, இது நம் வீட்டு முகவரிதானே" என்று நினைத்து, வெளியே டிஎன்எஸ் பட்டியலைப் பார்க்காமலேயே அந்த மெயிலைத் தனக்குள் இருக்கும் பெட்டியில் போட்டுவிடும். அந்தப் பெட்டியை யாரும் திறப்பதே இல்லை. பெட்டியே இல்லை என்றால் மெயில் திரும்பிப் போகும் அல்லது காணாமல் போகும். வெளியாட்கள் ஜிமெயிலிலிருந்து அனுப்புவது எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், படிவத்திலிருந்து வருவது மட்டும் வராது. இந்த அறிகுறியைக் கண்டால் காரணம் அநேகமாக இதுதான்.

சிபேனலில் Email Routing என்று ஒரு பக்கம் உண்டு. அதில் Local Mail Exchanger என்று இருந்தால் மேலே சொன்னது நடக்கும். மெயில் வெளியே இருக்கும்போது அது Remote Mail Exchanger என்று இருக்க வேண்டும். எனவே கேள்வி இப்படி: "எங்கள் மெயில் உங்களிடம் இருக்காது, வேறு சேவையில் இருக்கும். Email Routing-ஐ Remote என்று வைத்துத் தருவீர்களா? படிவ மெயிலை நாங்கள் எஸ்எம்டிபி லாகினோடு எங்கள் மெயில் சேவை வழியாக அனுப்புவோம், அதற்கு 587 போர்ட்டில் வெளியே போக உங்கள் சர்வர் விடுமா?" சில ஹோஸ்டிங்கில் சர்வரிலிருந்து வெளி மெயில் சர்வருக்கு நேராகப் போவதையே தடுத்து வைத்திருப்பார்கள், குப்பை மெயிலைத் தடுக்க. அப்படித் தடை இருந்தால் விலக்கு கொடுப்பார்களா என்று பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அந்தக் கம்பெனியின் சப்போர்ட் எப்படிப்பட்டது என்று கணித்துவிடலாம். புரிந்து பதில் சொன்னால் ஆள் இருக்கிறது. "டியர் கஸ்டமர், எங்களிடம் அன்லிமிடெட் மெயில் உண்டு" என்று பதில் வந்தால் அடுத்த கம்பெனியைப் பார்க்கலாம்.

மெயிலில் கடைசியாக எஸ்பிஎஃப். நம் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் ஒரு வரி அது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் தனக்கு மெயில் அனுப்பும் எல்லாரிடமும் எஸ்பிஎஃப் அல்லது ஒவ்வொரு மெயிலிலும் டொமைனின் கையெழுத்தைப் போடும் டிகேஐஎம், இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. ஒர்க்ஸ்பேஸுக்குப் போனால் அந்த வரி இப்படி இருக்கும்:

```
v=spf1 include:_spf.google.com ~all
```

எஸ்பிஎஃப் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். புது ஹோஸ்டிங் கம்பெனி தன் பங்குக்கு இன்னொன்றைத் தானாகச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. இரண்டு இடத்திலிருந்தும் அனுப்புவதாக இருந்தால் இரண்டையும் ஒரே வரிக்குள் சேர்க்க வேண்டும். இதை நீங்கள் செய்ய வேண்டாம், மாற்றிய அன்று நான் பார்த்துக்கொள்கிறேன், கம்பெனிக்காரர் "நாங்களே எல்லாம் போட்டுவிட்டோம்" என்று சொன்னால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

இனி சைட். "அன்லிமிடெட் இடம்" என்பதன் அடியில் சின்ன எழுத்தில் ஐநோடு வரம்பு என்று ஒன்று இருக்கும். ஐநோடு என்றால் கோப்புகளின் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஜிபி வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் இத்தனை கோப்புகளுக்கு மேல் கூடாது என்பார்கள். நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், நம் சைட்டில் வேர்ட்பிரஸும் வூகாமர்ஸும் ஓடுகிறது, நீங்கள் ஒரு முருகன் படத்தை ஏற்றினால் அது ஒரு கோப்பாக நிற்பதில்லை. பட்டியலில் காட்டச் சின்னது, பக்கத்தில் காட்டப் பெரியது, போனுக்கு ஒன்று என்று அதுவே பல அளவுகளில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். பெரிய படமாக இருந்தால் ஒன்றுக்குப் பத்துக் கோப்பு வரை ஆகிவிடும். இப்போது சைட்டில் சுமார் 3,000 டிசைன் இருக்கிறது, அதுவே 30,000 கோப்பு. வருடா வருடம் புது ஆல்பம் ஏறுகிறது, பழையதை நீங்கள் அழிப்பதில்லை. வேர்ட்பிரஸ், தீம், பிளகின் எல்லாம் சேர்ந்து சில பத்தாயிரம். மெயிலையும் அதே கணக்கில் வைத்திருந்தால் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு. லட்சத்தைத் தொடுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

வரம்பைத் தாண்டினால் சைட் உடனே நிற்காமல் இருக்கலாம், ஆனால் வேறொன்று நடக்கும். சில கம்பெனிகளின் விதிமுறையில், கணக்கில் இத்தனை கோப்புக்கு மேல் போனால் தானியங்கி பேக்கப் எடுக்க மாட்டோம் என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காதவருக்குத் தன் சைட்டுக்கு ஒரு வருடமாக பேக்கப்பே இல்லை என்பது அது தேவைப்படும் நாளில்தான் தெரியும். அதனால் கேள்வியைச் சேர்த்தே கேளுங்கள்: "ஐநோடு வரம்பு எவ்வளவு? எத்தனை ஐநோடுக்கு மேல், எத்தனை ஜிபிக்கு மேல் பேக்கப் நிற்கும்?"

பேக்கப் பற்றி இன்னும் கேட்க வேண்டும். "தினமும் எடுக்கிறோம்" என்ற பதில் போதாது. எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், அதே சர்வரில் வைக்கிறீர்களா, வேறு இடத்திலா, திரும்பப் போட நான் டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டுமா, நானே செய்யலாமா, ஒரு கோப்பை மட்டும் அல்லது டேட்டாபேஸை மட்டும் எடுக்க முடியுமா, கட்டணம் உண்டா. எத்தனை நாள் என்பதுதான் இதில் முக்கியம். சைட்டில் யாரோ புகுந்து மருந்து விளம்பரப் பக்கங்களைச் சொருகிவிட்டுப் போனால் நமக்கு அது அன்றைக்கே தெரியாது. கூகுளில் யாராவது நம் கடைப் பெயரைத் தேடி, அடியில் ஏதோ வேற்று மொழி எழுத்து வருகிறதே என்று சொல்லும்போதுதான் தெரியும், அதற்குள் பத்து நாள் ஆகியிருக்கும். ஏழு நாள் பேக்கப் மட்டும் வைத்திருந்தால் அந்த ஏழுமே கெட்டுப்போன நகல்தான். 30 நாள் என்றால் தேறலாம். புதுக் கணக்கு வாங்கிய முதல் வாரத்தில், பணம் திருப்பிக் கேட்கும் காலம் முடிவதற்குள், ஒரு டிசைன் படத்தை வேண்டுமென்றே அழித்துவிட்டு அதை பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். எத்தனை நேரம் ஆகிறது, யார் பதில் சொல்கிறார் என்று நேரில் தெரிந்துவிடும்.

அடுத்தது கூட்டம். ஆடி 18 அன்று புது ஆல்பம் போட்டவுடன் அண்ணன் எல்லா ஏஜென்ட்டுக்கும் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறார், எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். போன வருடம் அன்று காலையில் திரையில் 508 Resource Limit Is Reached என்று வந்ததாக நீங்கள் படம் பிடித்து அனுப்பினீர்களே, அது சைட் கெட்டுப்போனதால் வந்ததில்லை. பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே நேரத்தில் இத்தனை வேலைதான் செய்யலாம் என்று வரம்பு உண்டு, Entry Processes என்று பேர். பல இடங்களில் அது 20. இருபது பேர்தான் பார்க்க முடியும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு பக்கத்தைத் தயாரிக்க அரை வினாடி ஆகிறது என்றால் 20 வேலைகளில் வினாடிக்கு 40 பக்கம் வரை கொடுக்கலாம். அதே பக்கத்துக்கு நான்கு வினாடி ஆகிறது என்றால் வினாடிக்கு 5 தான், வினாடிக்கு அதற்கு மேல் ஆள் வந்துகொண்டே இருந்தால் சீக்கிரமே 508. ஆக வரம்பைக் கூட்டி வாங்குவது பாதி வழிதான், பக்கத்தை வேகமாக்குவது மறு பாதி. ஆல்பம் பக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான், அதை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டு வருபவருக்கெல்லாம் அதையே நீட்டும் கேஷ் வசதி சர்வரிலேயே இருந்தால் இந்த வரம்பைத் தொடவே வேண்டியிருக்காது. கேளுங்கள்: "Entry Processes எத்தனை, மெமரி எவ்வளவு, சர்வர் அளவில் கேஷ் உண்டா? சீசனுக்கு மட்டும் இரண்டு மாதம் பெரிய திட்டத்துக்கு ஏறிவிட்டு மறுபடி இறங்கலாமா?" ஏறுவதற்கு எல்லாரும் சரி என்பார்கள். இறங்குவதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.

வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழியான பிஎச்பியின் பதிப்பையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நம் சைட் இன்னும் 7.4 இல் ஓடுகிறது, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. புது இடத்தில் 8க்கு மேல் மட்டும்தான் என்றால், அந்தப் பையன் எழுதிக் கொடுத்த விலைக் கணக்குப் பிளகின் அங்கே ஓடாமல் வெள்ளைத் திரை காட்டலாம். நல்லதுதான், எப்படியும் ஏற வேண்டும், ஆனால் அந்தச் சோதனையை மாற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், மாற்றிய அன்று இரவு அல்ல. சைட் முகவரியை https என்று காட்ட வைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இப்போது பெரும்பாலான இடங்களில் இலவசம், தானாகப் புதுப்பிக்கும், அதற்குத் தனியாகக் காசு கேட்டால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

பணம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் முறைக்கு மட்டும், அதுவும் மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால். "ரினியூவல் விலை என்ன, அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்ததா, நம் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் தருவீர்களா" என்று மூன்றையும் கேளுங்கள். நம் எண் போட்ட பில் இருந்தால்தான் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியும், வெளிநாட்டுக் கம்பெனி கார்டில் எடுத்துக்கொண்டு ஒரு ரசீது மட்டும் அனுப்பினால் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒரு வருடத்துக்கு மேல் கட்டாதீர்கள். மலிவாக மூன்று வருடம் வாங்கிவிட்டு இரண்டாம் மாதமே வெறுத்துப்போனவர்கள் நிறைய.

99.9 சதவீதம் அப்டைம் என்றால் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம் என்று அவர்களே ஒத்துக்கொள்வதாக அர்த்தம். அதற்கு மேல் நின்றால் என்ன தருவார்கள் என்று படித்தால், அடுத்த பில்லில் ஒரு சிறு தள்ளுபடி. இந்த எண்ணை வைத்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கடைசியாக, மாற்றும் நாளைப் பற்றி அவர்களிடம் கேட்க வேண்டியது. சைட்டை நகல் எடுப்பதற்கும் டிஎன்எஸ் மாறுவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். செவ்வாய் மதியம் நகல் எடுத்து, புதன் இரவு டிஎன்எஸ் மாற்றினால், இடையில் வந்த ஆர்டர் எல்லாம் பழைய டேட்டாபேஸில் இருக்கும், புதிதில் இருக்காது. சைட் பார்க்க அப்படியே இருப்பதால் யாருக்கும் தெரியாது, ஆர்டர் எண்கள் மட்டும் நடுவில் தாவியிருக்கும், சில நேரம் அதே எண் இரண்டு பேருக்குப் போயிருக்கும். "டிஎன்எஸ் மாற்றும் முன் டேட்டாபேஸை மட்டும் கடைசியாக ஒருமுறை மறுபடி எடுப்பீர்களா, அதை நாங்கள் சொல்லும் நேரத்தில், இரவு 11 மணிக்கு மேல் செய்வீர்களா?" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் பழைய சைட்டில் "பராமரிப்பு நடக்கிறது" என்று போட்டு ஆர்டர் வருவதை நிறுத்திவிடலாம்.

டிஎன்எஸ் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் TTL என்று ஒரு எண் இருக்கும். "இந்த விடையை இத்தனை வினாடிக்கு நினைவில் வைத்துக்கொள், அதுவரை மறுபடி வந்து கேட்காதே" என்று அர்த்தம். 14400 என்று இருந்தால் நான்கு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிட்டால், மாற்றிய ஐந்து நிமிடத்தில் பெரும்பாலானவர்கள் புது சர்வருக்கு வந்துவிடுவார்கள், தப்பாகப் போனால் திரும்பவும் ஐந்து நிமிடம்தான். நாம் டிஎன்எஸ் பட்டியலையும் சேர்த்தே பழைய இடத்திலிருந்து எடுக்கப் போகிறோம் என்பதால், முதல் வேலையாக அந்தப் பட்டியலை டொமைன் வாங்கிய பதிவு நிறுவனத்தின் இடத்துக்கு ஒரு வரி விடாமல் நகல் எடுத்து மாற்றிவிட்டு, இரண்டு நாள் கழித்து சைட்டையும் மெயிலையும் தனித்தனியாக மாற்றலாம். மூன்றையும் ஒரே ராத்திரியில் செய்தால் ஏதாவது உடையும்போது எது உடைந்தது என்றே தெரியாது.

டிஎன்எஸ் மாற்றும் முன் புது சர்வரில் சைட்டைப் பார்க்க வழி இருக்கிறது. புதுக் கம்பெனி கொடுக்கும் ஐபி எண்ணை ஆபீஸ் கம்ப்யூட்டரின் hosts கோப்பில் இப்படிப் போட்டால், அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் புது சர்வர் தெரியும்:

```
203.0.113.25 example.com www.example.com
```

அது `C:\Windows\System32\drivers\etc\hosts` என்ற இடத்தில் இருக்கும், அட்மின் உரிமையோடு திறக்க வேண்டும். பிரவுசர் எஸ்எஸ்எல் எச்சரிக்கை காட்டலாம், சான்றிதழ் இன்னும் வந்திருக்காது, அதற்குப் பயப்பட வேண்டாம். அதில் பத்து டிசைன் பக்கங்கள், வண்டியில் போட்டுப் பணம் கட்டும் பக்கம் வரை, விலை கேட்கும் படிவம் எல்லாம் நீங்களே தட்டிப் பாருங்கள். பார்த்து முடித்ததும் அந்த வரியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் ஆறு மாதம் கழித்தும் தவறான சர்வரைப் பார்த்துக்கொண்டிருக்கும். எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையில் பழைய சர்வரின் ஐபி மட்டும் அனுமதிக்கப்பட்டிருக்கலாம், அவர்களிடமும் புது எண்ணைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் உறுதி எஸ்எம்எஸ் போகாது.

எப்போது செய்வது என்று கேட்டீர்கள். பொங்கலுக்கு அப்புறம் சித்திரைக்குள். ஆல்பம் வேலை தொடங்கிவிட்டால் தொடவே கூடாது. பழைய கணக்கை மாற்றிய பிறகும் ஒரு மாதமாவது உயிரோடு வைத்திருங்கள், அந்த மாதப் பணம் வீண் என்று அண்ணன் சொன்னால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். அந்த மாதம் முழுக்கப் பழைய வெப்மெயிலை இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், ஏதாவது புதிதாக அங்கே வந்து விழுந்தால் யாரோ இன்னும் பழைய பாதையில் அனுப்புகிறார்கள் அல்லது நாம் ஏதோ ஒரு வரியை மாற்றாமல் விட்டிருக்கிறோம்.

மேலே இருக்கும் கேள்விகளை அப்படியே வெட்டி இரண்டு கம்பெனிக்கும் மெயிலில் அனுப்புங்கள், சாட்டில் வேண்டாம், எழுத்தில் பதில் வேண்டும். இதற்கு நடுவில் எனக்குப் பழைய சிபேனலில் Zone Editor பக்கத்தை முழுதாகப் படம் எடுத்து அனுப்புங்கள், எல்லா வரியும் தெரிகிற மாதிரி. டொமைன் லாகின் யாரிடம் இருக்கிறது என்பதையும் அண்ணனிடம் இன்றே கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்